‘ஒண்ணு, ரெண்டு’ வேண்டாம்!

வீட்டில் நாலு வயசு வாண்டு இருக்கிறதா? ஒரு அட்டையில் நேர்வரிசையாகப் பத்துக் கட்டம் போட்டு, 1 முதல் 10 வரை எழுதுங்கள். நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் ஒரு கட்டம், தலை விழுந்தால் இரண்டு.

ஐந்தில் நிற்கும் குழந்தைக்குத் தலை விழுந்தால், பெரும்பாலும் ‘ஒண்ணு, ரெண்டு’ என்றுதான் காயை நகர்த்தும். அங்கேதான் விஷயம். ‘ஆறு, ஏழு’ என்று கட்டத்தில் இருப்பதைச் சொல்லியே நகர்த்தட்டும்.

அமெரிக்க உளவியலாளர்கள் சீக்லர், ராமனி 2008-ல் வெளியிட்ட ஆய்வில், கால் மணி நேரம் வீதம் நாலே முறை இப்படி ஆடிய குழந்தைகளுக்கு எண்களின் அளவு பிடிபட்டது. வெறும் வண்ணக் கட்டங்களில் ஆடியவர்களுக்கு இல்லை.

பரமபதம் இப்போது வேண்டாம். வரிசைக்கு வரிசை திசை மாறிக் குழப்பும். சில நாள் கழித்து, அட்டையை மறைத்துவிட்டு, ‘எட்டு பெரிசா, ஆறு பெரிசா?’ என்று கேட்டுப் பாருங்கள்.