வெஞ்சுரிக்குத் தெரிந்தது விடைத்தாளுக்குத் தெரியவில்லை

குழாய் குறுகும் இடத்தில் தண்ணீரின் அழுத்தம் கூடும் என்பது பொறியியல் வகுப்பிலிருந்து பிளம்பர் வரை எல்லோரும் சத்தியம் செய்யத் தயாராக இருக்கும் பொய். தேனி வட்டாரத்துக் கல்லூரி ஒன்றில் அண்மையில் திருத்தப்பட்ட கணக்குத் தொகுப்பிலும் அதே பொய்தான், பெட்டி கட்டி, இரட்டைக் கோடிட்டு, விடையாக எழுதப்பட்டிருந்தது. கேள்விக்கான குழாயைப் பார்க்க வெளிநாட்டுப் புத்தகம் வேண்டியதில்லை. கல்லூரியிலிருந்து கம்பம் பக்கம் பஸ் ஏறினால் திராட்சைத் தோட்டங்களிலும் வாழைத் தோப்புகளிலும் சொட்டுநீர்க் குழாயோடு மாட்டியிருக்கும்: உரக்கரைசலை உறிஞ்சும் வெஞ்சுரி. குறுகிய இடத்தில் அழுத்தம் கூடுவது உண்மையென்றால், அந்தத் தோட்டங்களில் உரம் செடிக்குப் போகாது. டிரம்மிலிருந்து பீச்சியடித்து விவசாயியின் சட்டைக்குத்தான் போகும்.

கணக்கு இதுதான். குழாயின் உள்விட்டம் 48 மி.மீ., வெஞ்சுரியின் கழுத்து 16 மி.மீ. குழாயில் வேகம் நொடிக்கு 2 மீட்டர், அழுத்தம் வளிமண்டலத்துக்கு மேல் 1.5 பார். தொடர்ச்சிச் சமன்பாடு சொல்வது, ஒரு பக்கம் நுழைந்த தண்ணீர் மறுபக்கம் வெளியேற வேண்டும் என்பது மட்டுமே: A₁v₁ = A₂v₂. விட்டம் மூன்றில் ஒன்று என்றால் பரப்பு ஒன்பதில் ஒன்று. எனவே கழுத்தில் வேகம் நொடிக்கு 18 மீட்டர். விடைத்தாள்களில் பாதி இங்கேயே விழுந்தது. விட்டத்தையே பரப்பாகக் கொண்டு 6 மீட்டர் என்று எழுதியவர்கள், வர்க்கம் என்று ஒன்று இருப்பதைப் பத்தாம் வகுப்போடு விட்டுவந்தவர்கள்.

அடுத்தது பெர்னூலி, 1738-இல் அச்சேறிய நூலின் பெயரால் இன்றும் மனப்பாடம் செய்யப்படுகிறவர். ஒரே மட்டத்தில் ஓடும் தண்ணீரில் p + ½ρv² மாறாது. ½ × 1000 × (18² − 2²) = 1,60,000 பாஸ்கல், அதாவது 1.6 பார், கழுத்தில் குறைகிறது. 1.5-இலிருந்து 1.6 போனால் மிச்சம் −0.1 பார். வளிமண்டலத்தைவிடக் குறைவு என்பதால் ஒரு மீட்டர் ஆழத்திலிருந்து கரைசலைத் தூக்கும் உறிஞ்சல். 6 மீட்டர் என்று எழுதியவருக்குக் குறைவு 0.16 பார்தான், கழுத்தில் 1.34 பார் மீதி; அந்த வெஞ்சுரி எதையும் உறிஞ்சாது, டிரம்முக்குள் தண்ணீரைத் தள்ளும். விடையைத் திரும்பிப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். ஆனால் திரும்பிப் பார்க்க மதிப்பெண் கிடையாதே.

குறுகலாக இருந்தால் மட்டும் போதாது என்பதும் இதில் இருக்கிறது. அதே வேகத்தில் நுழைவு அழுத்தம் 2 பார் ஆனால் கழுத்தில் 0.4 பார் நிற்கும், உறிஞ்சல் நின்றுபோகும். தோட்டத்தில் வெஞ்சுரி பெரும்பாலும் மெயின் லைனுக்குப் பக்கவாட்டுப் பாதையில் இருக்கும். மெயின் வால்வைச் சற்று மூடினால் வெஞ்சுரி வழியே ஓட்டம் கூடுகிறது. வேகம் 2.25 மீட்டரானால் குறைவு 2.03 பார், கரைசல் ஏறத் தொடங்கும். வேகத்தின் வர்க்கம் இப்படித்தான் வேலை செய்கிறது. வால்வைத் திருகும் விவசாயி இதை எந்தக் குறிப்பேட்டிலும் எழுதி வைக்கவில்லை. இந்தச் சமன்பாடு உராய்வு இல்லாத சீரான ஓட்டத்துக்கானது. உண்மையில் வெஞ்சுரியைத் தாண்டியபின் அழுத்தத்தின் ஒரு பகுதி திரும்பி வராது. அதைக் கணக்கில் சேர்க்காமல் கடைசி வரிசைச் சொட்டுவான்கள் காய்ந்து கிடப்பதைக் கண்டு மோட்டாரைத் திட்டிப் பயனில்லை.

குறுகினால் அழுத்தம் கூடும் என்ற நம்பிக்கைக்கு ஒரே சாட்சி, ஹோஸ் வாயைக் கட்டைவிரலால் மூடினால் தண்ணீர் சீறுகிறது என்பது. சீறும் இடத்தில் அழுத்தம் வளிமண்டல அழுத்தமே. விரல் அடைக்கும்போது மொத்த ஓட்டம் குறைகிறது, நீளக் குழாயின் உராய்வு இழப்பும் குறைகிறது. மிஞ்சிய அழுத்தம் விரலுக்குப் *பின்னால்* ஏறுகிறது, வாயில் வேகமாக மாறுகிறது. வீட்டுக்கு அரை இஞ்ச் பைப் போட்டால் பிரஷர் ஏறும் என்று அறிவுரை சொல்லும் பிளம்பரின் கைங்கரியமும் இந்த விரலிலிருந்து பிறந்ததே. அவர் போட்டுக்கொடுப்பது உராய்வு.

இதன் அண்ணன் மூடநம்பிக்கை ஒன்று லோயர்கேம்பில் இருக்கிறது. குமுளி மலைப்பாதையில் போகிறவர் கண்ணில் படும் நான்கு பெருங்குழாய்களில் பெரியாற்றுத் தண்ணீர் இறங்க இறங்க வேகம் பிடிக்கும் என்பது அது. தண்ணீர் நிரம்பிய, ஒரே விட்டமுள்ள குழாயில் தொடர்ச்சிச் சமன்பாடு அதை அனுமதிக்காது: மேலே என்ன வேகமோ கீழேயும் அதே வேகம். இறங்கிய உயரம் வேகமாக அல்ல, அழுத்தமாக மாறுகிறது, ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ 1 பார். அந்த அழுத்தம் வேகமாவது கீழே, மின்நிலையத்தில், தண்ணீர் குறுகிய வழியில் பாய்ந்து டர்பைனைத் தொடும்போதுதான்; அங்கேயும், வெஞ்சுரியைப் போலவே, வேகம் ஏற அழுத்தம் இறங்குகிறது.