98 சதவீதம் பொருந்திய கோடு

விற்பனைக் கூட்டங்களில் ஒரு காட்சி தவறாமல் அரங்கேறும். போன காலாண்டுகளின் எண்களை எக்செலில் போட்டு, வரைபடத்தின் மேல் ஒரு டிரெண்ட் லைனை இழுத்திருப்பார்கள். மூலையில் R² = 0.98 என்று இருக்கும். மேலாளர் தலையாட்டுவார். கோடு எங்கே போய் முட்டுகிறதோ அதுவே அடுத்த காலாண்டின் இலக்கு. சரக்கு ஆர்டர், ஆள் எடுப்பு, வங்கிக் கடன் எல்லாம் அந்த ஒற்றை எண்ணை நம்பியே முடிவாகும். கோடு பழைய எண்களோடு எவ்வளவு ஒட்டுகிறதோ, வரப்போகும் எண்ணும் அவ்வளவு நிச்சயம் என்பது இவர்களின் நம்பிக்கை. படித்தவர்களிடம்தான் இந்த மூடநம்பிக்கை அதிகம்.

இதற்கு உலகமே பார்த்த சாட்சி ஒன்று உண்டு. இணையத்துக்கான ரௌட்டர்களும் ஸ்விட்சுகளும் செய்யும் அமெரிக்க நிறுவனமான சிஸ்கோ, 1999 அக்டோபரில் முடிந்த காலாண்டில் 392 கோடி டாலருக்கு விற்றது. அடுத்தடுத்த காலாண்டுகளில் 436, 493, 572, 652 என ஏறி, 2001 ஜனவரியில் முடிந்த காலாண்டில் 675 கோடியைத் தொட்டது. கணக்குகளை ஒரே நாளில் முடித்துக் கையில் தரும் அமைப்பு தன்னிடம் இருப்பதாகப் பெருமை பேசிய நிறுவனம் அது. தரவுக்குப் பஞ்சமே இல்லை.

அந்த ஆறு எண்களை இன்று யார் வேண்டுமானாலும் எக்செலில் போட்டுப் பார்க்கலாம். இரண்டாம் வரிசையிலிருந்து A பத்தியில் 1 முதல் 6 வரை, B பத்தியில் விற்பனை:

```
=FORECAST.LINEAR(7,B2:B7,A2:A7)
=STEYX(B2:B7,A2:A7)
=T.INV.2T(0.05,4)
```

முதல் வரி தரும் கணிப்பு 751 கோடி. R² 0.98. இரண்டாவது வரி, பழைய புள்ளிகள் கோட்டைவிட்டுச் சராசரியாக எவ்வளவு விலகின என்பதைச் சொல்கிறது: 16.66 கோடி. இந்த 16.66-ஐ இரட்டித்து, ‘751-க்கு மேலே கீழே 33’ என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். அது தப்புக் கணக்கு. ஆறே புள்ளிகளில் வரைந்த கோட்டின் சாய்வே உறுதியானதல்ல. அதைத் தாண்டி ஏழாவது இடத்துக்கு நீட்டும்போது அந்த ஐயம் இன்னும் பெருகும். அதற்காக 16.66-ஐ 1.37 மடங்காக்கி, மூன்றாவது வரி தரும் 2.78-ஆல் பெருக்க வேண்டும். வருவது 63. ஆக, 95 சதவீத வீச்சு 688 முதல் 814 கோடி வரை. 33 என்று எழுதியவர் உண்மையான தடுமாற்றத்தில் பாதியை மறைத்துவிட்டார்.

சரி, ஒழுங்காகவே போட்ட வீச்சு இது. 2001 ஏப்ரலில் முடிந்த காலாண்டில் சிஸ்கோ விற்றது எவ்வளவு? 473 கோடி. கீழ் எல்லையைவிட 215 கோடி குறைவு. விற்காமல் தேங்கிய சரக்குக்காகவும் உதிரிபாகங்களுக்காகவும் நிறுவனம் சுமார் 225 கோடி டாலரை நட்டக் கணக்கில் எழுதியது. சுமார் 8,500 பேருக்கு வேலை போனது. தலைமை நிர்வாகி ஜான் சேம்பர்ஸ் இதை நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்கு ஒப்பிட்டார். அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியுமா?

முடியாது. கணக்குக்குள்ளேயே இரண்டு எச்சரிக்கைகள் இருந்தன. காலாண்டுக்குக் காலாண்டு ஏற்றத்தை மட்டும் பாருங்கள்: 44, 57, 79, 80, பிறகு 23. கடைசிப் படி சரிந்துவிட்டது. ஆனால் டிரெண்ட் லைன் ஆறு புள்ளிகளையும் ஒரே மாதிரி மதிக்கும்; நேற்று நடந்ததற்கும் ஒன்றரை ஆண்டுக்கு முன் நடந்ததற்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. சாய்வு 61 என்று சொல்லிவிட்டு மேலே போய்க்கொண்டே இருக்கும்.

இரண்டாவது எச்சரிக்கையைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை போதும். கூட்டங்களில் இதைச் செய்பவர்தான் அரிது. முதல் மூன்று காலாண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு, நான்காவதைத் தெரியாததுபோல் மறைத்துக் கணியுங்கள். கோடு 541 என்கிறது, வந்தது 572. நான்கை வைத்து ஐந்தாவதைக் கணித்தால் 622 அல்லது 623, வந்தது 652. இரண்டு முறையும் கோடு சுமார் 30 கோடி குறைத்துச் சொன்னது. ஐந்தை வைத்து ஆறாவதைக் கணித்தால் 706, வந்தது 675. இம்முறை சுமார் 30 கோடி கூட்டிச் சொல்கிறது. தவறின் அளவு மாறவில்லை, திசை மாறிவிட்டது. தவிர, கோட்டிலிருந்து விலகல் சுமார் 17 என்று கணக்கு காட்டினாலும், எதிர்காலத்தைச் சொல்லச் சொன்னபோது அது உண்மையில் தவறியது 30. R² அளப்பது பார்த்த பாடத்தில் எடுத்த மதிப்பெண்ணை. கணிப்போ பார்க்காத வினாத்தாள்.

இவ்வளவும் பார்த்திருந்தாலும் 473 என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். காரணம், பழைய எண்களே கலப்படமானவை. சரக்கு கைக்கு வர நாளாகிறது என்பதால் வாடிக்கையாளர்கள் ஒரே தேவைக்கு இரண்டு மூன்று இடங்களில் ஆர்டர் போட்டார்கள். கடன் வாங்கித் தொடங்கிய புதிய தொலைபேசி நிறுவனங்களும் டாட்காம் கம்பெனிகளும் வாங்கிக் குவித்தன. பங்குச் சந்தை சரிந்து அந்தக் கடன் வற்றியதும், இரட்டை ஆர்டர்கள் ஒரே வீச்சில் காணாமல் போயின. 95 சதவீதம் என்பது, ‘இந்தக் கோடு இப்படியே தொடர்ந்தால்’ என்ற நிபந்தனையோடு வரும் எண். கோடே முறிவதற்கான வாய்ப்பு அந்த மீதி 5 சதவீதத்துக்குள் அடங்கியிருப்பதாக நினைப்பதுதான் இந்த மூடநம்பிக்கையின் உச்சம். முறிவைப் பற்றி அந்தக் கணக்கில் ஒரு வார்த்தையும் இல்லை.

‘அது பெரிய கம்பெனி, பெரிய குமிழி, நமக்கென்ன’ என்று நினைக்கும் ஜவுளிக்கடைக்காரர் காலண்டரைப் புரட்டிப் பார்க்கலாம். 2023-இல் தீபாவளி நவம்பர் 12. 2025-இல் அக்டோபர் 20. பண்டிகைக்கு நான்கைந்து வாரம் முன்பே தொடங்கும் வியாபாரம் முதல் கணக்கில் முழுக்க அக்டோபர்–டிசம்பர் காலாண்டில் விழும். இரண்டாவதில் ஒரு பகுதி செப்டம்பருக்குத் தாவிவிடும். வாங்குபவர் ஒருவர்கூட மாறாமலேயே ஒரு காலாண்டு ஏறும், அடுத்தது இறங்கும். நேர்கோடு இதை வளர்ச்சி என்றோ சரிவு என்றோ படிக்கும். பண்டிகை வியாபாரத்தில் போன ஆண்டின் அதே காலாண்டோடு, அதுவும் தீபாவளித் தேதியைச் சரிக்கட்டிய பிறகு ஒப்பிடாமல், கோடு போடுவதே வீண்.

டிரெண்ட் லைனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வீச்சையும் கைவிட வேண்டாம். ஒற்றை எண்ணைவிட அது எவ்வளவோ நேர்மையானது. அடுத்த கூட்டத்தில் யாராவது R²-ஐக் காட்டினால், கடைசி மூன்று காலாண்டுகளை மறைத்துக் கணித்தபோது எவ்வளவு தவறியது, எந்தப் பக்கம் தவறியது என்று கேளுங்கள். வந்திருக்கும் ஆர்டர்களில் எத்தனை உண்மையானவை என்று விற்பனைப் பிரிவை எழுதித் தரச் சொல்லுங்கள். பதில் வரும்வரை வீச்சின் கீழ் எல்லைக்கு மேல் சரக்கு வாங்கக் கையெழுத்துப் போடாதீர்கள்.