வம்பன் உளுந்துக்கு வரிக்கழிவு எதற்கு?

'ஆராய்ச்சிக்கு இருநூறு சதவீத வரிக்கழிவைத் திரும்பக் கொடுங்க, இந்தியா எங்கயோ போயிடும்' என்று பட்ஜெட் சமயத்தில் ஒரு குரல் எழும். எங்கே போகும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வருமான வரிச் சட்டத்தின் 35(2AB) பிரிவு, சொந்த ஆய்வகம் நடத்தும் உற்பத்தி நிறுவனங்களுக்கானதாக இருந்தது. ஒரு நிறுவனம் ஆராய்ச்சிக்கு நூறு ரூபாய் செலவழித்தால், லாபத்திலிருந்து இருநூறு ரூபாயைக் கழித்துக்கொள்ள முடிந்தது. முப்பது சதவீத வரி என்றால் அறுபது ரூபாய் மிச்சம். கையை விட்டுப் போவது நாற்பதுதான். 2017-இல் இது 150 சதவீதமாகக் குறைந்தது. 2020-லிருந்து வெறும் நூறு, அதாவது மற்ற எந்தச் செலவையும் போல.

அரசு ஏன் இதைக் கொடுத்தது? ஒருவர் கண்டுபிடித்ததைப் பார்த்து பத்துப் பேர் கற்றுக்கொள்கிறார்கள். அந்தப் பத்துப் பேரின் லாபம் கண்டுபிடித்தவருக்கு வராது. அதனால் அவர் குறைவாகத்தான் செலவழிப்பார். அந்தக் குறையை அரசு ஈடுகட்டுகிறது. எதை ஆராய்வது என்பதை அதிகாரி முடிவு செய்யாமல் நிறுவனமே முடிவு செய்யும். இது நல்ல வாதம்தான். மருந்து, வாகன நிறுவனங்களுக்குப் பொருந்தவும் செய்யும்.

ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்து வம்பனுக்கு வாருங்கள். அங்கே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோய் வந்தால் உளுந்துக் காடு மஞ்சளாகி, காய் பிடிக்காமல் போகும். அதைத் தாங்கும் வம்பன் 8 போன்ற ரகங்கள் இங்கேதான் உருவாயின.

இதை ஒரு தனியார் கம்பெனி செய்திருக்குமா? உளுந்து தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் செடி. ஒருமுறை விதை வாங்கிய விவசாயி அடுத்த போகத்துக்குத் தன் விளைச்சலிலேயே விதை எடுத்து வைப்பார், பக்கத்துக் காட்டுக்காரரும் நாலு படி வாங்கிப் போவார். ஊருக்கெல்லாம் லாபம், கம்பெனிக்கு மிஞ்சுவது சொற்பம். வருமானம் வராத வேலைக்கு நாற்பது ரூபாய்கூட நட்டம்தானே!

வேடிக்கை இதுதான். பலன் பிறருக்குப் பரவுகிறது என்பதற்காகத்தான் சலுகையே. ஆனால் பலன் ஏறக்குறைய முழுவதுமாகப் பரவிவிடும் இடத்தில் அந்தச் சலுகைக்கு வேலையே இல்லை. பாதி பரவி, பாதி கைக்குள் நிற்கும் ஆராய்ச்சிக்குத்தான் அது உதவும். அதுவும் வரி கட்டும் அளவுக்கு லாபம் இருந்தால். சட்டம் 'கம்பெனி' என்றே சொன்னதால், சிட்கோ தொழிற்பேட்டையில் தனி ஆளாகப் பட்டறை நடத்துபவர் எத்தனை புதிய அச்சு செய்து பார்த்தாலும் அந்த இருநூறு அவருக்குக் கிடைத்திருக்காது.

வரிக்கழிவும் அரசுப் பணம்தான், கஜானாவுக்கு வராமல் போன பணம். அதைத் திரும்பக் கேட்பவர்கள் வம்பனில் ஆய்வாளர் பணியிடங்களை நிரப்பவும் அதே குரலில் கேட்கட்டும். அப்போது நம்புகிறேன், இவங்க கேக்குறது ஆராய்ச்சியைத்தான், தள்ளுபடியை இல்லைன்னு.