அந்தப் பிள்ளையே சொல்லி முடிக்கட்டும்

எடமலைப்பட்டி புதூரில் பள்ளி விட்ட நேரம், ஒரு ஸ்டேஷனரி கடை வாசல். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் "கி... கி..." என்று தொடங்கினான். அதற்கு மேல் சத்தம் வரவில்லை. வாய் திறந்தபடி நின்றது, கழுத்து நரம்பு புடைத்தது, ஒரு கண் இறுகியது. பின்னால் நின்ற அம்மா ஒருவர் "கிரேயான்ஸா தம்பி?" என்றார். கடைக்காரர் எடுத்து வைத்தார். பையன் தலையாட்டினான், காசு கொடுத்தான், போய்விட்டான். அவனுக்கு வேண்டியது கிராஃப் நோட்டு. கூட வந்த சிநேகிதன் சொல்லித்தான் அது தெரிந்தது.

வேண்டாததற்கு ஏன் தலையாட்டினான்? "இல்லை, அது இல்லை" என்று மறுத்தால், சிக்கிய அதே சொல்லை முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். இப்போது கடையே அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதைவிடக் கிரேயான்ஸ் மேல். அந்த அம்மா இரக்கத்தில்தான் சொன்னார். ஆனால் அவர் கொடுத்த சொல் அவனுடைய சொல்லைப் பறித்துக்கொண்டது. நம்மில் பலர் இதைத் தினமும் செய்கிறோம், உதவி என்று நினைத்தே செய்கிறோம்.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். திக்கும்போது பிள்ளை சொல்லைத் தேடுவதில்லை. சொல் முழுதாக மனசில் தயாராக இருக்கிறது. சத்தம்தான் வெளியே வர மறுக்கிறது, அவ்வளவுதான். "மூச்சை இழுத்து விடு", "மெதுவா பேசு", "பயப்படாதே" என்று சொல்வதும் இதனால்தான் பயன்படுவதில்லை. அவன் பயத்தில் திக்கவில்லை. திக்குவதை நாம் பார்க்கும் விதம்தான் பிறகு பயமாகிறது. வசம்பை நாக்கில் தேய்ப்பதும் நாக்கடி நரம்பை வெட்டச் சொல்வதும் வேண்டாம். பல குடும்பங்களில் திக்குதல் வழிவழியாக வருகிறது. அது மூளை பேச்சை ஒழுங்குபடுத்துவதில் உள்ள வேறுபாடு. நாக்கின் குற்றமில்லை.

நாம் முந்திக்கொள்ள முந்திக்கொள்ள, பிள்ளை ஒரு தந்திரம் கற்றுக்கொள்கிறது. சிக்கும் சொல்லை விட்டுவிட்டு, வாயில் வரும் சொல்லைச் சொல்கிறது. தோசை ஆசை, ஆனால் 'தோ' வராது, பொங்கல் என்று சொல்லிவிடும். பஸ்ஸில் 'எடமலைப்பட்டி' வராவிட்டால் கிராப்பட்டி என்று சொல்லி அங்கேயே இறங்கி நடந்து வரும். வெளியே பார்த்தால் திக்கலே இல்லை, நன்றாகப் பேசுகிற பிள்ளை. தன் பெயருக்கு மட்டும் மாற்றுச் சொல் கிடையாது. அதனால்தான் பலருக்குச் சொந்தப் பெயரைச் சொல்வதே எல்லாவற்றிலும் கடினமாகிறது. வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் நீங்கள் முதலில் கேட்பது என்ன? "உன் பேரென்ன கண்ணு?" கேட்டுவிட்டு செல்போனைப் பார்க்கிறீர்கள், அல்லது சங்கடத்தில் ஜன்னல் பக்கம் திரும்புகிறீர்கள். நீங்கள் மரியாதை என்று நினைத்துத் திரும்புகிறீர்கள். பிள்ளைக்கு அது 'என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை' என்றுதான் படுகிறது.

செய்ய வேண்டியது அதிகமில்லை. சாதாரணமாக முகத்தைப் பாருங்கள், வெறித்துப் பார்க்க வேண்டாம். காத்திருங்கள். பெரும்பாலான சிக்கல் ஓரிரு விநாடியில் விடுபடும். சில சமயம் நீளும், அப்போதும் காத்திருங்கள். சொல்லி முடித்ததும் ஒரு மூச்சு விட்டு, அவன் சொன்ன விஷயத்துக்குப் பதில் சொல்லுங்கள். 'அழகாப் பேசிட்டியே' என்று பாராட்டாதீர்கள், அதுவும் பேச்சை மதிப்பிடுவதுதான். புரியவில்லையா, "கடையில என்ன கேட்டேன்னு சொன்னியே, அந்தப் பேர் மட்டும் புரியல" என்று புரிந்ததைச் சொல்லி மீதியைக் கேளுங்கள். உங்கள் பேச்சையும் சற்று நிதானப்படுத்துங்கள். கேள்விகளை அடுக்காமல் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். விருந்தினர் முன்னால் "மாமாவுக்கு ரைம் சொல்லு" என்று நிறுத்தி வைக்காதீர்கள். போனில் எதிர்முனை மௌனமாக இருந்தால் "ஹலோ, ஹலோ" என்று கத்திக் கட் பண்ணாதீர்கள்.

உங்கள் சொந்தக் குழந்தை 2 முதல் 5 வயதுக்குள் திக்கத் தொடங்கினால் பதற வேண்டாம். பெரும்பாலோருக்கு அது தானே சரியாகிவிடுகிறது. ஆனால் 6 மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தாலோ, கண்ணை இறுக்கிக் காலைத் தட்டிச் சிரமப்பட்டாலோ, பேச்சு சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள். அதற்குள் பள்ளியில் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: வருகைப் பதிவின்போது கை தூக்கினால் போதும் என்று.

இன்னொன்று, நம் பிள்ளைகளைப் பற்றி. டிவியில் திக்கிப் பேசும் கதாபாத்திரத்தைக் கண்டு சோபாவில் உட்கார்ந்து நாம் சிரிக்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை மறுநாள் வகுப்பில் அதேபோல் பேசிக் காட்டுகிறது. ஆசிரியர் கூப்பிட்டுச் சொல்லும்போது 'எங்கே கற்றுக்கொண்டானோ' என்கிறோம். நம் வீட்டில்தான் கற்றுக்கொண்டான். சிரிப்பை முதலில் நாம் நிறுத்துவோம். பிறகு, சிநேகிதன் திக்கும்போது சொல் எடுத்துக் கொடுக்காமல் நிற்கவும், அவனை யாராவது முந்தினால் "அவனே சொல்லட்டும்" என்று சொல்லவும் நம் பிள்ளைக்கு இன்றிரவே கற்றுக்கொடுங்கள்.