“கிளீன் பண்ணித் தாங்கோ” என்று வரும் பட்டியல்கள்

நிவாரணத்துக்கான குடும்ப விபரங்களை எக்ஸெலில் போட்டு, “டீச்சர், கிளீன் பண்ணித் தாங்கோ” என்று ஒரே வரியோடு அனுப்புகிறீர்கள். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று யார் சொல்வது?

ஆறு பேருள்ள குடும்பத்துக்கு முகவரி ஒரே இணைத்த கலத்தில் இருக்கும். Unmerge Cells கொடுத்தால் முதல் நிரையில் மட்டும் முகவரி நிற்கும், மற்ற ஐந்தும் வெறுமை. அப்படியே பெயர்வாரியாக அடுக்கினால் யார் எந்த வீடு என்று பிறகு கண்டுபிடிக்க ஏலாது. அடுக்க முன் Go To Special, Blanks மூலம் வெறுங்கலங்களைத் தெரிந்து, முதலாவது B3 என்றால் `=B2` எழுதி Ctrl+Enter அழுத்தி, Paste Values செய்யவேண்டும். கடைசிப் படியை விட்டால் அடுக்கும்போது முகவரிகள் மாறிவிடும்.

இதையே தொலைபேசி நிரலிலும் செய்கிறார்களே, அதுதான் கொடுமை. அங்கே வெறுமை என்றால் அந்த ஆளிடம் போன் இல்லை. நிரப்பினால் அழைப்பு வேறு வீட்டுக்குப் போகும்.

இன்னொருவர் பெயரை வைத்து Remove Duplicates போடச் சொல்கிறார். எங்கள் ஆட்களில் ஒரே பெயரில் எத்தனை பாத்திமா? சரி, அடையாள அட்டை இலக்கத்தை வைத்துப் போட்டால்? அட்டை எடுக்காத பிள்ளைகளின் கலங்கள் எல்லாம் வெறுமை. எக்ஸெலுக்கு வெறுமைகள் எல்லாம் ஒன்றுதான். ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு மற்றப் பிள்ளைகளை எல்லாம் அழித்துவிடும். எத்தனை வீட்டுக்குப் பொதி குறையும்?

இரட்டிப்பு என்று சந்தேகப்படும் நிரைகளுக்கு நாங்கள் நிறம் மட்டும் பூசித் தருவோம். அழிப்பதா என்பதை வீடு தெரிந்த நீங்கள் சொல்லுங்கள். மூலக் கோப்பையும் கையில் வைத்திருங்கள்.