எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம்

தூத்துக்குடியில் வீட்டிலிருந்தே நேரலையில் யோகா சொல்லித்தருபவர்கள் ஒரு வகுப்பில் எட்டுப் பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது. சிரசாசனம், சர்வாங்காசனம் போன்றவற்றைத் திரைவழியே புதிதாகக் கற்றுத்தரவும் கூடாது. பஸ்சிமோத்தானாசனத்தில் இடுப்பிலிருந்து மடங்காமல், முதுகைக் கூனிக் கால்விரலைப் பிடிக்கிறவரை உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும். கேமராவைப் பக்கவாட்டில் ஆறேழு அடி தள்ளி வைத்து, லேப்டாப்பில் எட்டுக் கட்டங்களாகப் பார்த்தால் அது தெரியும். இருபத்தைந்து கட்டங்களாகிவிட்டால் ஆள் இருப்பது மட்டுமே தெரியும். கழுத்தில் பாரம் இறங்கும் ஆசனத்திலோ, பார்த்தாலும் தாங்கிப்பிடிக்கக் கை எட்டாது. ரத்தக் கொதிப்பும் கண் அழுத்த நோயும் உள்ளவர்களுக்குத் தலைகீழ் நிலையே ஆபத்து. எட்டு மிகக் குறைவு என்பார்கள். சென்னையில் 1976-ல் தேசிகாச்சார் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தின் மரபு ஆளுக்குத் தக்க பயிற்சி. அதோடு ஒப்பிட்டால் எட்டே கூடுதல்தான்.

சேரும்போது கர்ப்பம், குடலிறக்கம், டிஸ்க் வலி, அறுவை சிகிச்சை பற்றி எங்கும் கேட்கலாம். நம் கடற்கரையில் இன்னொன்றும் கேட்டாக வேண்டும்: கடலில் மூழ்குகிறவரா? சங்கு குளிப்பவர்களுக்கு மூச்சடக்கத்தில் ஆர்வம் இருப்பது இயல்பு. ஆனால் கபாலபாதி போல வேகமாக மூச்சுவிட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். மூச்சு வாங்க வேண்டும் என்ற தவிப்பு தாமதமாக வரும். அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்தால், முன்னறிகுறியே இல்லாமல் தண்ணீருக்குள் மயக்கம் வரும். மூழ்குவதற்கு முன் இந்தப் பயிற்சி கூடாது, தண்ணீரில் கும்பகம் கூடவே கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இதைக் கேட்காத ஆசிரியரிடம் பிராணாயாமம் கற்க வேண்டாம் என்றே சொல்வோம்.

யூடியூபில் இலவசமாகக் கிடைப்பதற்கு யார் பணம் கொடுப்பார் என்பது நியாயமான கேள்வி. ஆசனம் அங்கே கிடைக்கும். பார்த்துத் திருத்தும் கண் கிடைக்காது. கட்டணம் அதற்குத்தான். மாதம் பன்னிரண்டு வகுப்புக்குத் தலைக்கு 1,200 ரூபாய் என்றால் எட்டுப் பேரிடம் 9,600 வரும். நாற்பது பேரிடம் 300 வாங்கினால் 12,000 வரும், உண்மைதான். ஆனால் எட்டுப் பேர் கொண்ட இரண்டாவது குழு சேர்ந்தாலே 19,200 ஆகிவிடும். நாற்பதில் யார் நின்றுபோனார் என்பதுகூடத் தெரியாது. எட்டில் ஒருவர் தொடர்ந்து இரண்டு வகுப்பு வராவிட்டால் அன்று மாலையே போன் போட்டுக் கேட்கலாம். துறைமுகத்தில் ஷிப்ட் மாறுகிறவர்கள் விடுவது பெரும்பாலும் சலிப்பால் அல்ல, நேரம் ஒத்துவராததால். அவர்களுக்குத் தேவை தள்ளுபடி அல்ல. காலையில் தவறியதை அதே வாரம் மாலைக் குழுவில் ஈடுசெய்யும் வசதி. அதற்காக ஒவ்வொரு குழுவிலும் ஓரிடத்தைக் காலியாக விட்டு, ஏழு பேரோடு நடத்துவது நல்லது. பெண்கள் கேமராவை அணைத்துவைக்க விரும்பினால் தனிக் குழு அமைக்கலாம், பதிவு செய்யமாட்டோம் என்று எழுதித் தரலாம். அதன்பிறகும் கேமரா வேண்டாம் என்பவரைச் சேர்க்கக் கூடாது, கட்டணத்தைக் கூட்டிக் கொடுத்தாலும்.