ஒரே அருவி, 14 கிளிப்: எதை வைப்பது, எதை விடுவது?

கொல்லிமலைக்குப் போய்வந்தவர்களின் போனை வாங்கிப் பாருங்கள். ஆகாய கங்கை அருவி மட்டும் பத்து முறை இருக்கும். அரப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்கிப் போகிறோம். திரும்ப ஏற வேண்டுமே என்கிற பயத்திலேயே, 'எதற்கும் இன்னொன்று எடுத்துக்கொள்வோம்' என்று பட்டனை அழுத்துகிறோம். தவறே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு எல்லாம் ஒரே மாதிரி தெரிவதுதான் பிரச்னை. எதை வைப்பது என்று புரியாமல் கடைசி கிளிப்பையோ முதல் கிளிப்பையோ ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம்.

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் இது தினசரி வேலை. சமீபத்தில் கொல்லிமலையில் எடுத்த இரண்டரை நிமிட வீடியோவையே உதாரணமாகச் சொல்கிறேன். ஒரு நாள் ஷூட்டில் கிடைத்தது 118 கிளிப், மொத்தம் 85 நிமிடம். கிட்டத்தட்ட 34 நிமிடம் எடுத்தால் ஒரு நிமிடம் உள்ளே போகும் என்ற கணக்கு. இதற்கே மலைத்துவிடாதீர்கள். 1979-ல் வெளிவந்த 'அபோகலிப்ஸ் நவ்' படத்துக்கு 12.5 லட்சம் அடி ஃபிலிம் ஓடியது. அதாவது 230 மணி நேரத்துக்கும் மேல்!

ஃபிலிம் காலத்தில் இந்தத் தேர்வு படப்பிடிப்புத் தளத்திலேயே தொடங்கிவிடும். ஒவ்வொரு டேக் முடிந்ததும் டைரக்டர் சொல்வதை அசிஸ்டென்ட் 'ஓகே' அல்லது 'என்.ஜி.' என்று ரிப்போர்ட்டில் குறித்துக்கொள்வார். ஃபிலிமுக்கும் லேபுக்கும் காசு ஆகும் என்பதால் அந்தக் குறிப்புக்கு மதிப்பு அதிகம். போனில் காசு ஆகாது. அதனால் யாரும் குறிப்பதில்லை. இப்போது எடிட்டிங் மென்பொருளில் இருக்கும் கொடி, ஸ்டார், இதயம் எல்லாமே அந்த 'ஓகே, என்.ஜி.'யின் வாரிசுகள்தான்.

நாங்கள் பயன்படுத்துவது டாவின்ச்சி ரிசால்வ். இலவசப் பதிப்பே போதும். அதில் ஒரு கிளிப்பின் மேல் நின்று G தட்டினால் கொடி விழும். கொடிக்குப் பல வண்ணங்கள் உண்டு. ஃபைனல் கட் வைத்திருப்பவர்களுக்கு F தட்டினால் பிடித்தது, Delete தட்டினால் வேண்டாதது. போன் கேலரியில் இதயக் குறி. கருவி எதுவாக இருந்தாலும் வேலை ஒன்றுதான். ஆனால் ஒரே பார்வையில் எல்லாவற்றையும் முடிவு செய்ய முயலக் கூடாது. மூன்று தடவை பார்க்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு கேள்வியோடு.

முதல் தடவை கேள்வி: 'இது உடைந்திருக்கிறதா?' அவ்வளவுதான். அழகைப் பற்றி யோசிக்கவே கூடாது. அருவியில் எடுத்த 14 கிளிப்பில் 5 இங்கேயே சிவப்புக் கொடி வாங்கின. இரண்டில் லென்ஸில் சாரல் துளி. ஒன்றில் குளிக்க வந்த ஒருவரின் துண்டு பாதித் திரையை மறைத்துவிட்டது. ஒன்று நடந்துகொண்டே எடுத்தது. இன்னொன்று, பட்டனை அணைக்க மறந்து பாறையையும் செருப்பையும் மட்டும் பதிவு செய்திருந்தது.

சிவப்பு என்றால் அழிப்பது என்று அர்த்தமில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். செருப்பு கிளிப்பில் படம் பாழ், ஆனால் அருவிச் சத்தம் யாரும் பேசாமல் 40 விநாடி தொடர்ந்து கிடைத்தது. வீடியோவில் நீங்கள் கேட்கும் அருவிச் சத்தம் அதுதான். வீடியோ வெளியாகும்வரை எதையும் டெலிட் செய்ய வேண்டாம், கண்ணில் படாமல் ஒதுக்கி வைத்தால் போதும்.

இரண்டாம் தடவை மதிப்பெண். பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். எல்லாமே நன்றாகத் தெரியும், எல்லாவற்றுக்கும் பச்சைக் கொடி விழும், கடைசியில் 'தேர்ந்தெடுத்தது' மட்டுமே 70 கிளிப் இருக்கும். அதைத் தேர்வு என்று சொல்ல முடியுமா? எங்கள் டெஸ்க்கில் ஒரு விதி உண்டு: ஒரே மாதிரி கிளிப்களை முதலில் ஒரு குடும்பமாகச் சேர்க்க வேண்டும், ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் இரண்டு பச்சை. மீதி மஞ்சள். அருவி கிளிப்பை அருவி கிளிப்போடுதான் ஒப்பிட வேண்டும், மிளகுத் தோட்டத்தோடு ஒப்பிடக் கூடாது.

சரி, ஒரே மாதிரி இருக்கும் 9 அருவி கிளிப்பில் வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அருவியைப் பார்க்காதீர்கள்! விழும் தண்ணீர் எப்போதும் அழகுதான், அது நம் கண்ணை ஏமாற்றிவிடும். ஓரத்தில் இருக்கும் கறுப்புப் பாறையைப் பாருங்கள். சாரல் கூடும்போது போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும். பாறை நடுவில் ஒருமுறை வெளுத்து மறுபடி கறுத்தால் அந்த கிளிப் மஞ்சள்தான். எங்கள் ஒன்பதில் நான்கு இப்படித்தான் விழுந்தன. அடுத்து ஆரம்பத்தையும் முடிவையும் மட்டும் பார்க்க வேண்டும். கேமரா நிலைத்த பிறகு குறைந்தது ஐந்து விநாடி அசையாமல் இருக்கிறதா? முடிவில் கை தாழ்வதற்கு முன் வெட்ட இடம் இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் தப்பியவை மூன்று. அதில் மேகம் விலகி வெயில் பட்ட ஒன்றும், ஒரு பெண் தலை நிமிர்ந்து பார்ப்பதால் அருவியின் உயரம் புரிகிற ஒன்றும் பச்சை வாங்கின.

பேசும் டேக்குகளுக்கு வேறு வைத்தியம். காரவள்ளியிலிருந்து மலை ஏறும்போது 70 கொண்டை ஊசி வளைவு வரும். அதில் ஒரு வளைவில் நின்று என் சக நிருபர் அறிமுகம் பேசினார். 9 டேக். வசனம் ஒன்று, சட்டை ஒன்று, வளைவும் ஒன்று. முதலில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்பதையும் கேட்டேன். காற்று மைக்கில் இரைந்தது, பஸ் ஹாரன் அடித்தது எல்லாம் காதுக்கு உடனே தெரிந்துவிடும். அதன் பிறகு சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். அப்போது முகம் மட்டும்தான் பேசும். கடைசிச் சொல் முடிந்த அடுத்த நொடியே கண்ணைத் தாழ்த்திவிடுவது பலருக்கும் இருக்கும் பழக்கம். அரை விநாடியாவது கேமராவைப் பார்த்து நின்ற டேக்கில்தான் வெட்டு சுத்தமாக விழும். ஒன்பதில் அப்படி இருந்தது 4-வதும் 7-வதும் மட்டுமே.

இங்கே ஒரு எச்சரிக்கை. ரிசால்வில் கொடி என்பது முழு கிளிப்புக்கும் சேர்த்து விழுவது. இரண்டு நிமிட கிளிப்பில் நான்கு விநாடி மட்டும் நன்றாக இருந்தால், கொடியைப் பார்த்து அந்த நான்கு விநாடி எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. அந்த இடத்தில் நிறுத்தி M தட்டி மார்க்கர் வைத்து, ஏன் என்று இரண்டு சொல் எழுதிவிட வேண்டும். 'மேகம் விலகல்', 'சிரிப்பு', இப்படி. ஃபைனல் கட்டில் இந்தத் தொல்லை குறைவு. அதில் வேண்டிய பகுதியை மட்டும் குறித்து F தட்டலாம். கேலரி இதயத்திலும் முழு கிளிப்தான். அதனால் போனிலேயே வேலை பார்ப்பவர்கள், நல்ல பகுதியை வெட்டித் தனிப் பிரதியாகச் சேமித்துவிட்டு அதற்கு இதயம் கொடுக்கலாம்.

மூன்றாவது தடவைதான் எனக்குப் பிடித்தது. பச்சைகளை எல்லாம் ஒரே டைம்லைனில் வரிசையாக அடுக்குவது. இதற்கு செலக்ட்ஸ் என்று பெயர். ரிசால்வில் தொடக்கத்துக்கு I, முடிவுக்கு O, பிறகு Shift+F12 அழுத்தினால் டைம்லைனின் கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளும். இறுக்கி வெட்டக் கூடாது, முன்னும் பின்னும் ஒரு விநாடி அதிகமாகவே விட வேண்டும். பேசும் டேக்குகளை மட்டும் அடுத்தடுத்து வைக்காமல் ஒன்றின் மேல் ஒன்றாக, முதல் சொல் நேராக வரும்படி அடுக்கினேன். மேலே இருப்பதைத் தேர்ந்து D தட்டினால் அது அணைந்து கீழே இருப்பது தெரியும். தனியாகப் பார்த்தபோது 7-வது டேக் சிறந்தது. ஆனால் அதற்கு முன்னால் வரும் வளைவுச் சாலைக் காட்சியோடு ஓட்டிப் பார்த்தபோது, நிதானமாகத் தொடங்கும் 4-வதுதான் பொருந்தியது. தனித்தனியாகப் போட்ட மதிப்பெண் இங்கே மாறுவது சகஜம்.

அப்படி மாறிய இன்னொன்றைச் சொல்ல வேண்டும். சோளக்காட்டில் மிளகு காய வைத்துக்கொண்டிருந்த ஓர் ஆயாவிடம் பேசினோம். காயும் நேரத்தில் மழை வந்தால் என்ன ஆகும் என்று கேட்டோம். "என்ன ஆவும் கண்ணு, அத்தனையும் பூஞ்சை புடிச்சுப் போவும். வருசம் பூரா காத்திருந்தது" என்றவர் வானத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். மூன்று விநாடி மௌனம். ஆனால் 'பூஞ்சை' என்ற சொல்லின் மேல் ஒரு லாரி ஹாரன். "இன்னொரு தடவை சொல்லுங்க ஆயா" என்று கேட்டோம். மூன்றாவது டேக்கில் சத்தம் பளிச். ஆனால் ஆயா டி.வி. தமிழுக்கு மாறியிருந்தார். "மழை வந்துவிட்டால் மிளகு அனைத்தும் பூஞ்சை பிடித்துவிடும்" என்று மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் முடித்தார், வானத்தைப் பார்க்கவில்லை.

கொடி போடும் விதிப்படி முதல் டேக் மஞ்சள், மூன்றாவது பச்சை. செலக்ட்ஸில் இரண்டையும் மேலும் கீழும் அடுக்கிப் பார்த்ததும், டெஸ்க்கில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. முதல் டேக்தான். ஹாரன் அடித்த இடத்தில் மட்டும் மூன்றாவது டேக்கிலிருந்து 'பூஞ்சை' என்ற ஒரு சொல்லின் ஒலியை எடுத்து வைத்தோம். அந்த நேரத்தில் உதடு தெரியாமலிருக்க மிளகைக் கிளறும் அவர் கைகளைக் காட்டினோம். செய்தியில் இதற்கு ஒரு எல்லை உண்டு. அதே ஆள், அதே கேள்விக்கு, அதே பொருளில் சொன்ன சொல்லாக இருக்க வேண்டும். இரண்டு டேக்கில் இருந்து பாதிப் பாதி எடுத்து அவர் சொல்லாத ஒரு வாக்கியத்தை உருவாக்குவது எடிட்டிங் அல்ல, பொய். ஒட்டிய பிறகு ஒருமுறை சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கள். பின்னணி இரைச்சல் திடீரென்று மாறினால் ஒட்டு தெரிந்துவிடும். அந்த இடத்தில் முன்னும் பின்னும் ஒலியை மெல்லக் கூட்டிக் குறைத்தால் சரியாகிவிடும்.

முதல் செலக்ட்ஸ் 11 நிமிடம் வந்தது. அதை அப்படியே வைத்துவிட்டு, ஒரு பிரதி எடுத்து அதில்தான் கழித்தோம். ஆறு நிமிடம், பிறகு இரண்டரை. வெளியிடும் நாளன்று வீடியோவின் முகப்புப் படத்துக்கு அருவி வேண்டாம், வேறு கேளுங்கள் என்றார் ஆசிரியர். 11 நிமிடப் பிரதி அப்படியே இருந்ததால் இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுக்க முடிந்தது: வானத்தைப் பார்க்கும் ஆயா.